ஏழு மணி வினாவின் புள்ளித்தாள் திரும்பிவிட்டது: ஒரு நன்றி மடல்

அன்பான குழு உறவுகளுக்கு,

நேற்று இரவு கடைசி வரியையும் சரிபார்த்து முடித்தோம். முதலாம் வினாவிலிருந்து மழைக்கு முந்திய நாள் வினா வரைக்கும் யார் யாருக்கு எத்தனை புள்ளி என்பது மறுபடியும் ஒரு தாளில் இருக்கிறது. அந்த மழையில் என் போனும் புள்ளித்தாளும் எப்படிப் போயின என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை நான் திரும்ப எழுதவில்லை. திரும்பி வந்தது எப்படி, யாரால் வந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் மனம் ஆறாது.

ஒரு நாளுக்கு ஒரு பொது அறிவு வினாதானே, புள்ளி போனால் போகட்டும், புதிதாகத் தொடங்கலாம் என்று அன்பாகச் சொன்னவர்களும் இருந்தீர்கள். அந்த ஆறுதலுக்கும் நன்றி. ஆனால் வாழைச்சேனையில் கடை பூட்டுகிற நேரத்திலும், பொத்துவிலில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போயும் விடை அனுப்பியவர்களின் புள்ளி அது. அதைப் பூச்சியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உங்கள் விடைகள் எல்லாம் என் தனி எண்ணுக்குத்தான் வந்தன. குழுவில் போட்டால் முதலாமவர் சொன்னதைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடலாம் என்பதற்காக நாம் செய்த ஏற்பாடு அது. அந்தப் போனே போய்விட்டது. மிஞ்சியது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் இரவு பத்து மணிக்குச் சரியான விடையையும், சரியாகச் சொன்னவர்களின் பெயர்களையும் குழுவில் போடுவேன் அல்லவா, அந்தப் பட்டியல். அது உங்கள் போன்களில் இருக்க வேண்டும். ஆனால் போன் நிரம்புகிறது என்று பலர் சொன்னதால், செய்திகள் 90 நாளில் தானாக மறையும்படி குழுவில் வைத்திருந்தோம். ஆகவே கடைசி மூன்று மாதப் பட்டியல்தான் எல்லாரிடமும் இருந்தது. அதற்கு முந்தியது யாரிடமும் இல்லை.

அப்படித்தான் நினைத்தோம்.

களுவாஞ்சிக்குடி அக்காவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "தம்பி, என்ட கொப்பியில எல்லாம் கிடக்கு. வேணுமெண்டா அனுப்பி விடுறன்." அவ்வளவுதான். முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினா. டேட்டா முடிந்ததும் காத்திருக்காமல் கொப்பியையே பொலித்தீனில் சுற்றி, மட்டக்களப்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டா. மாலையில் பஸ் நிலையத்தில் அதை வாங்கிக்கொண்டேன்.

சாதாரண சீஆர் கொப்பி. அக்காவின் மகள் அரச வேலைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறா. மகளிடம் போன் இல்லை. அதனால் அக்கா தினமும் வினாவை மேலே எழுதி, இடம் விட்டு, இரவு விடை வந்ததும் அதைக் கீழே எழுதியிருக்கிறா. ஆர் ஆர் சரியாகச் சொன்னார்கள் என்று மகள் கேட்பாளாம், அதற்காகப் பெயர்களும். ஒரே பெயருள்ள இரண்டு பேர் நம் குழுவில் இருப்பதால், ஊரையும் சேர்த்து எழுதியிருக்கிறா: ஒருவர் கல்முனை, மற்றவர் ஓட்டமாவடி. என் பழைய தாளில்கூட அந்தத் தெளிவு இருக்கவில்லை.

அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தை நீங்களும் பார்க்க வேண்டும். வினா 118 நினைவிருக்கிறதா? "விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது" என்று கேட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வினா வெறுமனே "பிறந்த மாவட்டம் எது" என்று போயிற்று. அடிகள் 1892 இல் காரைதீவில் பிறந்தார். காரைதீவு இன்று அம்பாறை மாவட்டம். ஆனால் அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். அதுவரை அந்தக் கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது. அன்றிரவு அம்பாறை என்றவர்களின் பட்டியல் வந்தது. மறுநாள் காலையில் மட்டக்களப்பு என்றவர்கள் ஆண்டைச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டது நியாயம். பின்னேரம் இரண்டு விடையும் சரி என்று இரண்டாவது பட்டியல் போட்டோம்.

அக்காவின் பக்கத்தில் முதல் பட்டியல் நீல மையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, சிவப்பில் "மட்டக்களப்பும் சரி, 1961க்கு முன் ஒரே மாவட்டம்" என்று எழுதி, அதன் கீழ் இரண்டாவது பட்டியல். இது 90 நாளுக்கு முந்திய வினா. இந்தச் சிவப்பு வரி இல்லாவிட்டால், அன்று மட்டக்களப்பு என்று சொன்ன அத்தனை பேருக்கும் ஒரு புள்ளி குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

சரி, ஒருவர் கையால் எழுதிய கொப்பியை எப்படி நம்புவது என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நம் கையிலேயே வழி இருந்தது. கடைசி மூன்று மாதம் கொப்பியிலும் இருக்கிறது, உங்கள் போன்களிலும் இருக்கிறது. மூன்று பேர் தங்கள் போனில் குழு அரட்டையைப் படங்கள் இல்லாமல் ஏற்றுமதி செய்து அனுப்பினார்கள். அது எழுத்துக் கோப்பாக வரும். ஒரு கோப்பில் திகதிகள் குழப்பமாக இருந்தன. அந்தப் போனில் மாதம் முதலிலும் நாள் பின்னாலும் வருகிறது என்பது, 12க்குப் பிந்திய நாட்களைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு திகதியை விட்டுவிட்டு வினா இலக்கத்தை வைத்தே எல்லாவற்றையும் பொருத்தினோம்.

மூன்று மாதத்தில் கொப்பிக்கும் கோப்புக்கும் வேறுபாடு வந்தது மூன்றே இடங்களில். ஓரிடத்தில் கொப்பிதான் சரி. நான் நடு இரவில் தனிச் செய்தியாகச் சேர்த்த ஒரு பெயரைக் கோப்பிலிருந்து பட்டியலைத் தட்டெழுதியவர்கள் தவறவிட்டிருந்தார்கள், அக்கா விடவில்லை. மற்ற இரண்டிலும் அக்காவின் பட்டியலில் ஒவ்வொரு பெயர் விடுபட்டிருந்தது. இல்லாத பெயர் ஒன்றுகூட அதில் ஏறவில்லை. ஆகவே பழைய பக்கங்களில் பிழை இருந்தால் அது விடுபட்ட பெயராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் எது என்று ஒருநாள் கேட்டோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அக்கா இப்படி எழுதியிருக்கிறா: "நான் பராக்கிரம சமுத்திரம் எண்டன், பிழை. சேனாநாயக்க சமுத்திரம், கல்லோயா." யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்து எழுதிய கொப்பி அது. பின்னால் அதை வைத்தே நாம் புள்ளி கணக்கிடப் போகிறோம் என்று தெரிந்தும், அந்த வரியைத் தொடாமல் அப்படியே அனுப்பியிருக்கிறா. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. அக்கா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் வைத்திருந்தது எங்கள் எல்லாருடைய கணக்கு.

அரட்டையை ஏற்றுமதி செய்தவர்களுக்கும், பட்டியல்களை இரவிரவாகத் தட்டெழுதிய இரண்டு தங்கச்சிமாருக்கும், கணினியைத் தந்து காசு வாங்க மறுத்த கல்லடிக் கடை நானாவுக்கும், ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க என்று சரிபார்த்த எல்லாருக்கும் என் நன்றி. புதிய தாளைக் கட்டித் தந்த அக்கரைப்பற்றுத் தம்பிக்கும் நன்றி.

அந்தத் தம்பி சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், குழு நடத்துகிற மற்றவர்களுக்கும் உதவும். பழைய தாளில் ஆளுக்கு ஒரு வரி, ஒரு மொத்தம். சரியாகச் சொன்னால் 41 ஐ அழித்து 42 என்று எழுதுவோம். அந்த 42 எந்தெந்த நாளில் வந்தது என்பதற்குத் தாளில் தடயமே இல்லை. இப்போது கூகுள் ஷீட்டில் இரண்டு பக்கங்கள். `Log` என்ற பக்கத்தில் ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒரு வரி: திகதி, வினா இலக்கம், உறுப்பினர் குறி, புள்ளி, எங்கிருந்து கிடைத்தது. அதில் எதையும் அழிப்பதில்லை, கீழே கீழே சேர்ப்பது மட்டும். மற்றப் பக்கத்தில் மொத்தத்தை யாரும் கையால் எழுதுவதில்லை. A நிரலில் உறுப்பினர் குறி, அதற்குப் பக்கத்தில் இந்தச் சூத்திரம்:

```
=SUMIF(Log!C:C, A2, Log!D:D)
```

C நிரலில் அந்த உறுப்பினரின் குறி வருகிற வரிகளையெல்லாம் தேடி, D நிரலில் உள்ள புள்ளிகளைக் கூட்டித் தரும். குறியாகப் போன் எண்ணைப் போடவில்லை. எண்களாக எடுத்துக்கொண்டு முன்னாலுள்ள பூச்சியத்தைத் தாள் விழுங்கிவிடும், தவிர எல்லாரும் பார்க்கும் தாளில் உங்கள் எண் இருக்கவும் கூடாது. ஒரே பெயருள்ள இருவருக்கும் இப்போது வேறு வேறு குறி. வினா 118 போல ஒரு தீர்ப்பு மாறினால் மொத்தத்தைத் தொட வேண்டியதில்லை, `Log` இல் புதிய வரிகளைச் சேர்த்தால் போதும்.

எங்கிருந்து கிடைத்தது என்ற நிரலில் "போன்", "கொப்பி", "உறுப்பினர்" என்று மூன்றில் ஒன்று இருக்கும். கொப்பி என்று வருகிற வரிகள் எல்லாம் அக்காவுடையவை. அந்தச் சொல்லை நான் உயிரோடு இருக்கும்வரை அங்கிருந்து எடுக்க மாட்டேன்.

இனி ஒவ்வொரு ஞாயிறு இரவும் தாளின் பிரதி ஒன்றைத் தரவிறக்கிக் குழுவில் போடுவேன். செய்திகள் மறையும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டோம். போன் நிரம்பினால் படங்களை அழியுங்கள், பட்டியலை விட்டுவிடுங்கள்.

கொப்பியை வியாழக்கிழமை நானே களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டு போகிறேன். மகளின் பரீட்சைக்கு அது வேண்டும்.

தாளின் இணைப்பு குழுவின் மேலே பொருத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வரியைப் பாருங்கள். பழைய வினாக்களில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், வினா இலக்கத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உங்கள் சொல்லை ஏற்று "உறுப்பினர்" என்று குறித்துச் சேர்ப்போம். இந்த மாத முடிவு வரை நேரம் இருக்கிறது. இன்று ஏழு மணிக்கு வினா வரும், விடைகளைப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வினாக்காரன்,
மட்டக்களப்பு