அம்மாவின் அடுப்படிப் படம்

அன்பு முருகேசா,

நலம். நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். போர்வெல் போடும் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. இந்த ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். மற்றதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஒரு படத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தை என்னைப் போலவே தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

எனக்கு இங்கே சிங்கப்பூர் ரயிலில் இன்னும் இராத்திரி வேலைதான். கடைசி ரயில் போன பிறகு தண்டவாளத்தில் இறங்குவோம். ஓரத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் இருக்கும். அதை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்து, எர்த் மாட்டி, அனுமதி சொன்ன பிறகுதான் யாரும் கால் வைக்கலாம். முதல் ரயிலுக்கு முன்னால் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். ஆக, உருப்படியாக வேலை செய்யக் கிடைப்பது மூன்று மணி நேரம் போல. ஸ்லீப்பரோடு தண்டவாளத்தைப் பிடித்து வைக்கும் கிளிப்புகளில் தளர்ந்ததை மாற்றுவதும், டார்ச் அடித்து விரிசல் தேடுவதும் என் வேலை. கொண்டுபோன ஸ்பேனர்களை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒன்று குறைந்தால் எல்லாரும் திரும்பிப் போய்த் தேடுவோம்.

ஒருநாள் மின்சாரம் நிறுத்துவதற்குத் தாமதமாகி, ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தோம். போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அப்போது IMG-20190728-WA0007 என்று ஒரு படம் வந்தது. தம்பி அனுப்பியது. நம் வீட்டு அடுப்படிச் சுவரில் விழுந்த விரிசலைக் காட்டி, "இது அடுத்த மழைக்குத் தாங்காது, இடித்துவிட்டுக் கட்டுவோம்" என்று கேட்டிருந்தான். நானும் சரி என்றேன். அந்த வருஷமே பழைய அடுப்படி போய்விட்டது.

படத்தின் நடுவில் விரிசல்தான் இருக்கிறது. சன்னலின் கீழ்மூலையில் தொடங்கிச் சாய்வாக இறங்குகிறது. மண்சுவரில் சன்னல் மூலைதான் முதலில் விடும். கீழே நம் ஊர்க் களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அடித்தளம் ஒரு பக்கம் இறங்கினால் சுவர் அப்படித்தான் சாய்வாகப் பிளக்கும். தம்பி சொன்னது சரிதான். ஆனால் விரிசலைச் சுற்றி அம்மாவின் அடுப்படி முழுவதும் அதில் விழுந்திருக்கிறது, முருகேசா. நம் வீட்டில் எத்தனை விசேஷம் நடந்திருக்கிறது, எத்தனை போட்டோ எடுத்திருக்கிறோம். அடுப்படிக்குள் கேமரா வந்ததே இல்லை. இருப்பது இந்த ஒன்றுதான்.

வேலை முடிந்து தங்குமிடத்துக்கு வந்து சேர இங்கே ஏழு மணியாகும். அங்கே நாலரை. அம்மா எழுந்திருக்கும் நேரம். படத்தைத் தம்பி மகளின் போனுக்கு அனுப்பி, அம்மாவுக்குக் காட்டச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். அதிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் இருவரும் அந்தப் படத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேற்கு சன்னலில் ஒரு சாக்கு தொங்குகிறது. கரி பிடித்து, கீழ் ஓரம் கிழிந்த சாக்கு. வெளிச்சம் வரும் ஒரே சன்னலை ஏன் மூடி வைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "ஆடிக் காத்து மேக்கேயிருந்து அடிக்கும்லப்பா. சாக்கைக் கட்டலைன்னா அடுப்புப் புகை வெளியே போகாது, திரும்பி என் மூஞ்சியிலதான் வரும்" என்றார்கள். படத்தின் பெயரைத் திரும்பப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வரும் படத்தின் பெயரிலேயே தேதி இருக்கும்: 2019 ஜூலை 28. ஆடி மாதம். சாக்கும் தேதியும் ஒத்துப்போகின்றன.

அப்புறம் சுவரின் கரியைக் கவனித்தேன். அடுப்புக்கு மேலே கருப்பாக ஏறி, ஓட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சுவரே இல்லை. புகை போவதற்காகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே தாத்தா விட்ட இடைவெளி. நாம் சின்ன வயதில் அதன் வழியாக அணில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதுதான். அணில் வருவதற்கென்று விட்ட இடம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அடுப்பில் தீ இல்லை. வாயில் வெள்ளைச் சாம்பல் கிடக்கிறது. பக்கத்தில் சோற்றுப்பானை தட்டை அணைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது. கீழே கஞ்சி வடியும் சட்டி. கிழக்கு வாசல் வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. அப்படியானால் காலை ஏழரை எட்டு மணி இருக்கும், சோறு வடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கொடி அடுப்பில் மூடி வைத்த ஒரு மண்சட்டி. குழம்பா என்றேன். இல்லையாம், அப்பாவுக்கு வெந்நீர். பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போதே பக்கத்து வழியாகப் போகும் தீயில் அதுவும் சூடாகிவிடும். தனி விறகு வேண்டாம்.

இங்கே எங்களுக்கு இராச்சாப்பாடு சாயங்காலமே பொட்டலமாக வந்துவிடும். அதைப் பிரிப்பது நள்ளிரவுக்கு மேல். சில நாள் குழம்பு வாடை மாறியிருக்கும். சோற்றை மட்டும் தின்றுவிட்டு வேலைக்கு இறங்குவோம். அந்தச் சாய்ந்த பானையைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றின் மேல் ஏதோ எழுதியிருக்கிறது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறது. மூலப்படம் தம்பியிடமும் இல்லை, அந்த போன் எப்போதோ போய்விட்டது. அம்மாவுக்கும் அந்த டப்பா நினைவில்லை. அப்பாவின் கையெழுத்து மாதிரி எனக்குப் படுகிறது. மங்கலில் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழைய அடுப்படியை அப்படியே வைத்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவிடமும் கேட்டேன். "அந்தப் புகையில என் கண்ணு போனது உனக்குத் தெரியுமா? இப்ப கேஸ்ல நின்னுக்கிட்டே சமைக்கிறேன், இருமல் இல்லை" என்றார்கள். சீமைக்கருவேல விறகு காய்ந்திருந்தால் நன்றாக நின்று எரியும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டால் எவ்வளவு ஊதினாலும் புகைதான். ஊதுகுழலோடு குனிந்து உட்கார்ந்தே அவர்களுக்கு அந்த வருஷங்கள் போயின. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததெல்லாம் அவர்களுடைய உழைப்பு. புகையை நான் திரும்பக் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்டேன். அந்த மாதிரி ஓர் அடுப்பை வெளியே வேப்பமரத்தடியில் போட முடியுமா, பொங்கலுக்கு நான் வரும்போது பானை அதில் வைக்கலாமே என்று. அம்மா உடனே உற்சாகமாகிவிட்டார்கள். அந்த அடுப்பை அவர்களே போட்டதாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது. கண்மாய்க் களிமண்ணைக் கல் பொறுக்கி, உமியும் கொஞ்சம் மணலும் சேர்த்து, இராத்திரி முழுக்க ஊறவைத்து மிதிக்க வேண்டும். வெறும் களிமண் என்றால் காயும்போது பிளந்துவிடும். சுவர் நாலு விரல் கனம். அடுப்பு வாய் ஒரு சாண். பானை உட்காரும் விளிம்பில் மூன்று குமிழ் வைக்க வேண்டும். இல்லையென்றால் பானை வாயை அடைத்துக்கொண்டு தீ மூச்சு முட்டிப்போகும்.

கொடி அடுப்புக்குப் போகும் வழியில்தான் சூட்சுமம். மூன்று விரல் அகலம், பெரிய அடுப்பிலிருந்து சற்றே மேல்நோக்கி ஏற வேண்டும். அகலமாகிவிட்டால் தீயெல்லாம் அந்தப் பக்கம் ஓடி, உலை கொதிக்க நேரமாகும். குறுகிவிட்டால் கொடியில் வைத்தது கடைசிவரை வெதுவெதுப்பாகவே இருக்கும். சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலில் தீ மூட்டும்போது கொடி அடுப்பின் வாயில் நாக்கு நுனி மட்டும் தெரிய வேண்டுமாம். காய்வது நிழலில்தான், வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், முதல் தீயிலேயே வெடித்துவிடும். நிழலில் வைத்தும் மயிரிழை விரிசல் வரும். அதைக் குழைத்த மண்ணால் தினமும் தடவி அடைக்க வேண்டும். விரிசலைத் தேடி அடைப்பதில் எனக்கும் பழக்கம் உண்டு என்று சொன்னேன், சிரித்தார்கள்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. மழை தொடங்கிக் கண்மாய் நிரம்பிவிட்டால் மண் எடுக்க முடியாது. மார்கழியில் எடுத்தால் ஈர மண்; அடுப்புப் போட்டுக் காய்வதற்குள் பொங்கல் போய்விடும். அதனால் இந்த மாதமே மடைக்குக் கிழக்கே, நாம் பொம்மை செய்ய மண் எடுத்த இடத்தில், நான்கு கூடை வெட்டி வை. மேல்மண்ணில் வேர் இருக்கும், ஒரு முழம் தள்ளிவிட்டு அடியில் எடு. மண்வெட்டி போட்டால் வழவழவென்று ஒட்ட வேண்டும். உதிர்ந்தால் அது வேண்டாம். எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் போட்டுச் சாக்கால் மூடிவிடு. மிதிப்பதற்கு அம்மாவால் முடியாது, தம்பியும் கார்த்திகையில் அறுப்பு மிஷினோடு வெளியூர் போய்விடுவான். அந்த ஒரு நாள் நீதான் வர வேண்டும். அளவெல்லாம் உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்கள்.

மகளுக்கு விடுதிக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும், எவ்வளவு குறைகிறது என்று மறைக்காமல் எழுது. சம்பளம் ஏழாம் தேதி வரும். படத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் இடமிருந்து மூன்றாவது டப்பாவைக் கொஞ்சம் பார். எங்கள் அடுப்படியில் நீயும் எத்தனையோ நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு நினைவிருந்தால் சொல்.

அன்புடன்,
செல்வம்
சிங்கப்பூர்