நித்யாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும், நித்யாவின் இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஆகியவற்றின் நகலும் கிடைத்தன. இங்கே இவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து விடும் வேலை என் தலையில். அதனால்தான் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மற்றபடி நலம். உன் சம்பந்தி அம்மா "கட்டியை இப்போதே எடுத்துவிட வேண்டியதுதானே" என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். கர்ப்பத்தோடு இருக்கும்போது, கருப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டியில் கத்தி வைக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் பல மடங்கு கூடியிருக்கும். கட்டியைத் தோண்டினால் ரத்தம் நிற்காது, கருவையும் இழக்க நேரிடலாம். மிக மிக அபூர்வமான அவசரத்தில்தான் அதைச் செய்வோம். நித்யாவுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை.

முதலில் நீர்க்கட்டி. எட்டாவது வாரத்தில் வலது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது, 19ஆவது வாரத்தில் அதைக் காணோம், யாராவது தப்பாகப் பார்த்துவிட்டார்களா என்று கேட்டாய். தப்பில்லை. முட்டை வெளிவந்த இடத்தில் ஒரு சிறு பை உண்டாகி, நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பேற்கும் வரை கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அதில் நீர் கோத்துக்கொண்டால் ஸ்கேனில் நீர்க்கட்டியாகத் தெரியும். வேலை முடிந்ததும், பெரும்பாலும் நான்காவது மாதத்துக்குள், தானே வற்றிவிடும். அது போகாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தாலோ, உள்ளே கெட்டியான பகுதி தெரிந்தாலோதான் நாங்கள் யோசிப்போம். நித்யாவுக்கு அந்தக் கதை முடிந்தது.

இப்போது ஃபைப்ராய்டு. ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது அளவை அல்ல, இடத்தை. 6.2 செ.மீ. என்பதைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய். எனக்கு முக்கியமாகப்பட்டது அதற்கு அடுத்த வரி: கட்டி முன்சுவரின் கீழ்ப்பகுதியில், தசைக்குள் இருக்கிறது. நஞ்சு பின்சுவரில், மேலே இருக்கிறது. இது நல்ல சேதி. கட்டியின் மேலேயே நஞ்சு ஒட்டியிருந்தால் அது முன்கூட்டியே பிரிந்து ரத்தப்போக்கு ஆகும் ஆபத்து கூடுதல். இவளுக்கு இரண்டும் எதிரெதிர்ச் சுவரில். கட்டி குழந்தையின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். இல்லை வசந்தி. குழந்தைக்கு வேண்டியது நஞ்சு வழியாகப் போகிறது, கட்டி தசையின் ரத்தத்தில் பிழைக்கிறது. ரிப்போர்ட்டில் குழந்தையின் வளர்ச்சியும் பனிக்குட நீரும் வாரத்துக்குச் சரியாகவே இருக்கின்றன. கட்டி பெரிதாக இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் சற்று அதிகம் என்பது உண்மை. அதற்காக அவள் படுத்தே கிடக்க வேண்டியதில்லை.

அடுத்து வரக்கூடியது வலி. அதை முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள். கட்டிக்கு வரும் ரத்தம் போதாமல் போனால் அதன் உட்பகுதி அழியும். நாலாவது, ஐந்தாவது மாதத்தில்தான் இது அதிகம் வருகிறது. நான் பார்த்த ஒரு பெண் நடு ராத்திரியில், பிரசவ வலியோ என்று அலறியபடி வந்தாள். வலி எங்கே என்று கேட்டதும் ஒரே விரலால் தொப்புளுக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே தொட்டால் துடித்தாள். லேசான காய்ச்சலும் வாந்தியும் இருந்தன. ஆனால் வயிறு விட்டுவிட்டு இறுகவில்லை, ரத்தக் கசிவும் இல்லை. ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது, கட்டியின் நடுப்பகுதி மாறியிருந்தது. பாராசிட்டமாலும் ட்ரிப்பும் ஓய்வும் கொடுத்தோம். சில நாளில் அடங்கி வீட்டுக்குப் போய், நிறைமாதத்தில் பெற்றெடுத்தாள்.

நித்யாவுக்கு அப்படி வலி வந்தால் மருந்துக்கடையில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி எதையும் அவளாக வாங்கிப் போட விடாதே. ஐந்தாம் மாதத்துக்கு மேல் அவை பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை மூடிவிடவும் கூடும். வலி விட்டுவிட்டு வந்து வயிறு இறுகினாலோ, ரத்தமோ நீரோ போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ஃபைப்ராய்டு வலிதான் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

சிசேரியன்தானா என்ற உன் கேள்விக்கு இப்போது யாரும் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பாதே. ஏழாம் மாதத்துக்கு மேல் கருப்பையின் கீழ்ப்பகுதி இழுபட்டு விரியும். அப்போது இன்று கீழே தெரியும் கட்டி மேலே நகர்ந்துவிடுவது சாதாரணம். கருப்பை வாயிலேயே இருக்கும் கட்டிதான் நகராது. நித்யாவினுடையது வாயைத் தொடவில்லை. அதனால் 32 முதல் 34 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, தலைக்கும் வழிக்கும் நடுவே கட்டி நிற்கிறதா என்று பார்க்கச் சொல். தலை இறங்க வழி இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. கட்டி வழியை அடைத்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ சிசேரியன்தான்.

சிசேரியன் என்று முடிவானால் டாக்டரிடம் ஒன்று கேள்: கத்தியை எந்த இடத்தில் போடுவீர்கள்? வழக்கமான கீறல் விழுவது இவளுக்குக் கட்டி இருக்கும் அதே முன்சுவரின் கீழ்ப்பகுதியில்தான். கட்டி அங்கேயே நின்றால் கொஞ்சம் மேலேயோ ஒதுக்கியோ கீற வேண்டியிருக்கும். மேலே நெட்டாகக் கீறினால் அடுத்த பிரசவத்துக்கு வலி வரும்வரை காத்திருக்க முடியாது, அதுவும் சிசேரியன்தான். அதனால் இந்த மாதிரி கேஸில் பழக்கமுள்ள கை வேண்டும். "வயிற்றைத் திறந்ததும் கட்டியையும் எடுத்துவிடுங்கள்" என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். காம்பில் தொங்கும் கட்டியையோ, குழந்தையை எடுக்கவே விடாமல் மறிக்கும் கட்டியையோதான் சாதாரணமாக அப்போது தொடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு பல கட்டிகள் சில மாதங்களில் தானே சுருங்கிவிடும். அப்போது ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் கவலை எதில் என்றால், குழந்தை பிறந்த பிறகு வரும் முதல் சில மணி நேரத்தில். நஞ்சு வெளியே வந்ததும் கருப்பைத் தசை இறுகித்தான் ரத்தக்குழாய்களை மூட வேண்டும். இறுக்கிப் பிழிய வேண்டிய துணிக்குள் ஒரு கல் சிக்கிக்கொண்டது போல, கட்டி இருக்கும் இடத்தில் தசை முழுக்க இறுகாது, ரத்தம் கூடப் போகலாம். அதற்கு ஆக்ஸிடோசினும் மற்ற ஊசிகளும் இருக்கின்றன, ஆனால் ரத்தமும் கையில் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நித்யாவின் ஹீமோகுளோபின் 9.4. இதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு 6.2 செ.மீ.யைவிட இந்த 9.4தான் உறுத்துகிறது. பிரசவத்துக்குள் 11க்கு மேல் வர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிடச் சொல், காபி டீயோடு வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால், ஊசியாக ஏற்றுவார்கள். நாலு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி உண்டா, ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டர் வருவாரா என்பதை மாப்பிள்ளையை இப்போதே விசாரிக்கச் சொல். தாய்வீட்டுப் பிரசவம் என்று உங்கள் ஊரிலேயே வைக்க நினைத்திருந்தால், அந்தச் சின்ன நர்சிங் ஹோம் வேண்டாம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டு வசதியும் இருக்கும்.

வளைகாப்பை ஏழாம் மாதம் தாராளமாக வை, நானும் வருகிறேன். அதற்குள் அடுத்த ஹீமோகுளோபின் எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்,
கமலா