இணைய வணிக வகுப்பின் விலைப் பாடம் குறித்து ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட்டில் இணைய வணிக வகுப்பை நடத்திவரும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

இந்த ஊரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதித் தருவது என் தொழில். தங்கள் வகுப்பில் படித்து, பொருளைத் தாம் வாங்கி வைக்காமல் ஆர்டர் வந்ததும் சப்ளையரையே அனுப்பவைக்கும் டிராப்ஷிப் முறையில் விற்கத் தொடங்கிய சிலர் தங்கள் கணக்குகளை என்னிடம் கொண்டு வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பாடக்குறிப்பில் விலை நிர்ணயத்திற்கு ஒரே விதிதான் இருக்கிறது: சப்ளையருக்குக் கொடுக்கும் தொகையை இரண்டால் பெருக்கினால் விற்பனை விலை கிடைத்துவிடும், பாதி லாபம். மற்றப் பாடங்கள் பயனுள்ளவை என்றே பலரும் சொல்கிறார்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

தோட்டத்து லயத்திலிருந்து விற்பனை செய்யும் ஒரு பெண்மணியின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் எளிதாக இருக்க, நூறு ஆர்டருக்கு முழுமையாக்கித் தருகிறேன். அவர் விற்பது சார்ஜ் செய்து பூண்டு, மிளகாய் அரைக்கும் சிறிய கருவி. சப்ளையர் விலை 14 ரிங்கிட், வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பும் செலவு 4 ரிங்கிட், ஆக சப்ளையருக்குக் கொடுப்பது 18. குறிப்பின் விதிப்படி அவர் வைத்த விலை 36. நூறு விற்றால் 1,800 ரிங்கிட் மிஞ்சும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு.

நடந்தது வேறு. நூறு பார்சலில் பத்து திரும்பி வந்துவிட்டன. பொருளைக் கையில் வாங்கிப் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பியவற்றில் சிலர் வாங்க மறுத்தார்கள். சிலர் குறை சொல்லித் திருப்பினார்கள். தோட்டத்து முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் கூரியரே திருப்பிக்கொண்டுவந்ததும் உண்டு. ஆகவே பணம் வந்தது தொண்ணூறுக்கு மட்டும்: 3,240 ரிங்கிட். அதில் இணையச் சந்தை தன் கமிஷனையும் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் அவற்றின் மீதான சேவை வரியையும் சேர்த்து, அவருடைய அறிக்கையின்படி, 15 விழுக்காடு பிடித்துக்கொண்டது, அது 486. விளம்பரத்துக்கு 800 ரிங்கிட் செலவு. அந்தப் பில்லிலும் 8 விழுக்காடு சேவை வரி உண்டு என்பதால் கார்டில் பிடித்தது 864. திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் 6 ரிங்கிட் கூரியர் கூலி, மொத்தம் 60. சப்ளையருக்கும் அனுப்புவதற்கும் 1,800. இந்தத் தொகை நூறு பார்சலுக்கும் உரியது, தொண்ணூறுக்கு மட்டும் அல்ல, ஏனெனில் அவருடைய சப்ளையர் திரும்பிய பொருளை ஏற்பதில்லை. செலவு மொத்தம் 3,210. மிஞ்சியது 30 ரிங்கிட். நூறு பேரின் கேள்விகளுக்குப் பதில் எழுதிய உழைப்புக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இரண்டால் பெருக்கும் விதி ஏன் இப்படித் தோற்கிறது என்பதை வகுப்பில் விளக்க வேண்டும். இந்தச் செலவுகள் ஒரே வகையானவை அல்ல. சந்தைக் கட்டணம் விற்பனை விலையின் மேல் விழுவது; விலையை ஏற்றினால் அதுவும் ஏறும். பலர் கொள்முதல் விலையோடு 15 விழுக்காட்டைக் கூட்டிவிட்டு அதோடு கட்டணம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். 18-இல் 15 விழுக்காடு 2.70, ஆனால் 36-இல் அது 5.40. விளம்பரமோ விலையைப் பார்ப்பதே இல்லை. ஓர் ஆர்டரைக் கொண்டுவந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பார்சல் பிறகு திரும்பி வந்தாலும் விளம்பரப் பணம் திரும்பி வராது. ஆகவே திரும்பிய பத்துக்குமான விளம்பரம், கொள்முதல், கூலி எல்லாவற்றையும் நிலைத்து நின்ற தொண்ணூறுதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

சரியான விலையைக் கண்டுபிடிக்க அதிகக் கணிதம் தேவையில்லை. நூறு ஆர்டருக்கான கொள்முதல், விளம்பரம், திருப்பிய கூலி மூன்றையும் கூட்டினால் இவருக்கு 2,724 வருகிறது. அதோடு தமக்கு வேண்டிய லாபத்தையும் கூட்ட வேண்டும். 500 என்று வைத்தால் 3,224. விலையில் ஏற்றும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கைக்கு வருவது நூறு ரிங்கிட் அல்ல. நிலைக்கும் தொண்ணூறு ஆர்டரில் 85 விழுக்காடு, அதாவது 76.50. 3,224-ஐ அதனால் வகுத்தால் 42.14. லாபமே வேண்டாம், நட்டம் இல்லாமல் இருந்தால் போதும் என்றாலும் 35.61 ஆகிறது. பாடக்குறிப்பு கொடுத்த 36, அந்த விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

விளிம்பில் நிற்பதன் ஆபத்து சிறிய அசைவுகளில்தான் தெரியும். திரும்பும் பார்சல் பத்திலிருந்து பதினைந்தானால், 36 ரிங்கிட் விலையில் நூறு ஆர்டருக்கு 153 ரிங்கிட் நட்டம். 11.11, 12.12 விற்பனை நாட்களில் கூட்டம் வரும் என்று நம்பி 10 விழுக்காடு வவுச்சரைத் தம் செலவிலேயே கொடுத்தால் நட்டம் 245-ஐ ஒட்டி வரும். அன்றைக்கு அதிகம் விற்பவருக்கே அதிக நட்டம். மேலே கண்ட 42.14-க்குச் சற்று மேலாக 42.90-க்கு விற்பவர் அதே வவுச்சரைக் கொடுத்தாலும் 230 ரிங்கிட் அளவுக்கு மிஞ்சும். சப்ளையர் சீனாவிலிருந்து நேராக அனுப்புபவராக இருந்தால் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் உள்ள 10 விழுக்காடு விற்பனை வரி அந்த 14 ரிங்கிட்டில் அடங்கியிருக்கிறதா, இல்லையா. அடங்கவில்லை என்றால் பொருளுக்கு 1.40 கூடும், அந்த 30 ரிங்கிட் லாபம் 110 ரிங்கிட் நட்டமாக மாறிவிடும்.

விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எத்தனை ரிங்கிட் விற்பனை வந்தது என்று விளம்பரத் திரையில் காட்டும் ROAS பற்றியும் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: 3 வந்தால் நல்லது என்று. மேற்சொன்ன பெண்மணிக்குத் திரை காட்டியது 4.5. நூறு ஆர்டரின் 3,600-ஐ 800-ஆல் வகுத்துக் காட்டிய எண் அது. திரும்பிய பத்தும் விளம்பர வரியும் அதில் இல்லை. அவருடைய கணக்கில் 4.35-க்குக் கீழே போனாலே நட்டம் தொடங்குகிறது. குறிப்பை நம்பி 3 வரும்வரை செலவைக் கூட்டியிருந்தால் நூறு ஆர்டருக்கு 402 ரிங்கிட் போயிருக்கும். எல்லாப் பொருளுக்கும் பொதுவான நல்ல எண் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் தம் சந்தைக் கட்டணத்தையும் திரும்பும் விகிதத்தையும் வைத்துத் தம் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விலையை ஏற்றினால் யார் வாங்குவார் என்று தங்கள் பயிற்றுநர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விலை ஏறும்போது பார்ப்பவர்களில் வாங்குவோர் குறைவார்கள். அதனால் ஓர் ஆர்டருக்கான விளம்பரச் செலவு கூடும். 42.90-இல் அது 8-இலிருந்து 10 ரிங்கிட்டாக உயர்ந்தாலும், வரியும் சேர்த்து 1,080 போக, சுமார் 342 மிஞ்சுகிறது. விளம்பரச் செலவு அதற்கும் மேலே போனால், அந்தப் பொருளையே கைவிடுவது நல்லது. 18 ரிங்கிட் பொருளுக்கும் 60 ரிங்கிட் பொருளுக்கும் ஓர் ஆர்டரைக் கொண்டுவரும் விளம்பரச் செலவு பல வேளைகளில் அதிக வித்தியாசப்படுவதில்லை என்பதால், மலிவான பொருள்தான் இந்த முறையில் முதலில் சாகிறது. பாடத்தில் அதற்கு நேர்மாறாக, தொடங்குவோர் மலிவான பொருளையே தேர்ந்தெடுக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். அடுத்த வகுப்புக்கு முன்பாக, இரண்டால் பெருக்கும் பக்கத்தை எடுத்துவிட்டு, நூறு ஆர்டர் கணக்கை அந்த இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே விற்பனையைத் தொடங்கியவர்களை ஒருநாள் அழைத்து, சந்தை அனுப்பும் மாத அறிக்கை, விளம்பரப் பில், திரும்பிய பார்சல்களின் பட்டியல் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்று உடன் அமர்ந்து ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டுக் கொடுக்க நான் வருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் கணக்கெழுதும் ஒருவர்