இரைச்சலை எடுக்கும் முன் ஏன் படத்தைப் பார்க்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே, "இரைச்சலை எடுத்தாச்சா?" என்று பலர் கேட்கிறீர்கள். முதல் நாள் நாங்கள் எதையும் எடுப்பதில்லை, ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்போம். அதில் என்ன பார்க்கிறோம் என்பதற்குத்தான் இந்த மடல்.

ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் படம். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. கீழே கனமான ஒலிகள், மேலே கீச்சொலிகள். எங்கே ஒலி பலமோ அங்கே நிறம் பளிச்சென்று இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள் டிராக்கின் பெயருக்கு அருகே உள்ள மெனுவைத் திறந்து `Spectrogram` என்பதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

'டிக்' என்ற சத்தம் ஒரு நொடியின் சிறு துளி நேரமே இருக்கும். ஆனால் எல்லா அலைவெண்களிலும் ஒரே சமயத்தில் வரும். அதனால் படத்தில் ஊசி நட்டதுபோல் செங்குத்துக் கோடாக நிற்கும். இதில் ஏமாறவும் இடமுண்டு. 'பாட்டி' என்று ஒருவர் சொல்லும்போது 'ட்ட' வரும் இடத்தில் முதலில் ஒரு சிறு இருட்டு, உடனே ஒரு செங்குத்துக் கீற்று, அதை ஒட்டியே குரலின் அடுக்குக் கோடுகள் தெரியும். அந்தக் கீற்று பேச்சின் பகுதி. அதை அழித்தால் சொல்லே மழுங்கிவிடும். டிக் கோட்டுக்கு முன்னும் பின்னும் அப்படி எந்தத் தொடர்பும் இருக்காது.

அடுத்து, கோடு எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்போம். நாடாவிலேயே பதிந்த டிக், நாடா பதியக்கூடிய அலைவெண் எல்லையைத் தாண்டாமல் மேலே போகப்போக மங்கிவிடும். படத்தின் உச்சி வரை ஒரே பளிச்சோடு போகிறதென்றால் அது கணினிக்கு மாற்றும்போது நுழைந்தது. அதைச் செதுக்க வேண்டாம், திரும்பவும் ஒருமுறை ஓட்டி எடுத்தால் போதும்.

'ம்ம்ம்' என்ற உறுமல் இதற்கு நேர் எதிர். அது படுக்கைக் கோடு. மின்சாரத்திலிருந்து நுழைவது அது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 50-லும், அதன் மடங்குகளான 100, 150, 200-லும் ஏணிப்படிபோல் கோடுகள் தெரியும்.

ஒரு அம்மா தன் தந்தை கதை சொல்லும் பழைய கேசட் ஒன்றைத் தந்தார். "அப்பா குரல் இப்படி இருக்காதே" என்று மட்டும் சொன்னார். படத்தில் உறுமல் கோடு கொஞ்சம் தடிமனாக இருந்தது. `Window size` என்பதை 32768 ஆக்கினோம். இது பெரிதானால் அலைவெண் துல்லியமாகப் பிரியும், ஆனால் டிக்குகள் பக்கவாட்டில் கலங்கிவிடும். டிக் தேட 512, உறுமல் தேட 32768 என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியும் 50 அருகே ஒரே கோடுதான். மடங்கு ஏற ஏற கோடுகளின் இடைவெளியும் பெருகும் என்பதால் ஐந்தாவது மடங்குக்கு ஏறிப் பார்த்தோம். அங்கே 250-ல் ஒன்று, 260-ல் ஒன்று என இரண்டு கோடுகள் தனித்தனியாக நின்றன!

250-ல் இருந்தது எங்கள் வீட்டுச் சரக்கு. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டியதும் அது காணாமல் போனது. 260-ல் இருந்தது அன்று பதிவு செய்த கருவியின் உறுமல். 260-ஐ ஐந்தால் வகுத்தால் 52. அந்தக் கருவி மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது, அதனால் இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறக்குறைய 4 சதவீதம் ஏறிக் கேட்கிறது. வேகத்தை 0.962 மடங்காகக் குறைத்தோம். அந்தக் காலத்தில் மின்சாரமே 50-க்குக் கீழே இறங்குவது உண்டு என்பதால் இந்தக் கணக்கை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னோம். "இதுதான் அப்பா" என்றார். அப்புறம்தான் உறுமலை எடுத்தோம். முதலிலேயே எடுத்திருந்தால் வேகத்தைக் காட்டிய தடயமும் கூடவே போயிருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நீங்களே கணினிக்கு மாற்றி அனுப்புவதாக இருந்தால் இரைச்சல் நீக்கம் எதையும் போடாதீர்கள். WAV கோப்பாகவே அனுப்புங்கள். எம்பி3 ஆக்கும்போது பெரும்பாலும் மேல்பகுதி வெட்டுப்படும், டிக் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் போகும். பேச்சு தொடங்கும் முன் நாடாவில் உள்ள வெற்று நொடிகளையும் வெட்டாதீர்கள். குரல் மறைக்காத அந்த இடத்தில்தான் உறுமல் கோடுகள் எங்களுக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

அன்புடன்,
கேசட் மாற்றும் பிரிவு