டீ ஆறுவதற்குள் கையெழுத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பட்ஜெட் வரைவின் கூட்டல் சரியா என்று நிதிக்குழு உறுப்பினர் பார்த்தால் போதும் என்று ஒரு வரி. போதுமாம்! கூட்டலைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். அதற்கு எதற்கு ஒரு குழு, ஐந்து நாற்காலி, ஒரு தட்டு மிக்சர்?

நானும் அப்படிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன்தான். எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள், வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய். ஆண்டு வரவு 34.56 லட்சம், செலவு 33.36 லட்சம், உபரி 1.20 லட்சம் என்று வரைவு வந்தது. கூட்டலில் அப்பழுக்கில்லை. "போடுங்க சார், டீ ஆறிடும்" என்றார் செயலாளர்.

செப்டம்பரில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வங்கியில் பணம் இல்லை. அப்போதுதான் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்து எண்ணினேன். முந்தைய ஆண்டு உண்மையில் வசூலானது நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது சுமார் 31 லட்சம். வரைவின் உபரி அங்கேயே இரண்டேகால் லட்சம் பற்றாக்குறையாகிவிட்டது. அந்தத் தாளில் சென்ற ஆண்டு பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இந்த ஆண்டு பட்ஜெட் இருந்தது. சென்ற ஆண்டு உண்மையில் வந்ததும் போனதும் எங்குமே இல்லை. ஊகத்தை ஊகத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தத்தான் செய்யும்.

அடுத்த ஆண்டு, வரைவில் இல்லாதது எது என்று கேட்டேன். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவருக்கு வண்ணம் பூச 18 லட்சம் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று லட்சம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரு ரூபாய் இல்லை. "அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். வந்தபோது வீட்டுக்கு 18,750 ரூபாய் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். லிஃப்டில் என்னோடு பேசுவதையே இரண்டு வீட்டார் நிறுத்திவிட்டனர்.

தண்ணீர் லாரிச் செலவையும் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர் எவராவது அப்படி வகுப்பாரா? ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கு சரியாக வரலாம்; ஜூனில் லாரிக்காரருக்குக் கொடுக்கக் கையில் இருக்குமா? அதனால் மாதவாரியாகக் கேட்கிறேன். எனக்கு இப்போது 'கேள்வி மாமா' என்று பெயர்.

இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்லர். சென்ற ஆண்டு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் "தங்கள் இதழ் அருமை" என்ற வரியை மட்டும் பொறுக்கியெடுத்துப் பிரசுரித்த நுட்பத்தையும் மறக்கவில்லை. இந்த முறை அத்தகைய வரி எதுவும் எழுதவில்லை, தேட வேண்டாம்.

என் வேண்டுகோள் சிறியது. அந்தக் கட்டுரையோடு வந்த மாதிரிப் பட்ஜெட் அட்டவணையை, 'சென்ற ஆண்டு உண்மை வரவு செலவு' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து மறுபடியும் வெளியிடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
சென்னை