அந்த மஞ்சள் பெட்டியை எடுத்துவிடுங்கள்: ஸ்பானிஷ் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் தொடக்கநிலை ஸ்பானிஷ் நூலை வைத்து ஏழு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம் பாடத்தில் இருக்கும் மஞ்சள் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘இரு’ என்ற பொருளில் ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள் உண்டு, எதை எப்போது போடுவது என்று அந்தப் பெட்டி சொல்வது இது: ‘நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார்.’ இதை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கடிதம் போட்டேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது. புதிய பதிப்பும் ஜூனில் வந்துவிட்டது. அட்டை மாறியிருக்கிறது, பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த முறை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாதம் குடும்பத்தைப் பற்றி எட்டு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, பத்தொன்பது வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் எழுதிய மூன்றாவது வாக்கியம்: ‘மி பாத்ரே எஸ் முவெர்தோ’. அப்பா இல்லை, இறந்துவிட்டார் என்று சொல்ல வந்தவள் செர் வினையின் ‘எஸ்’ வடிவத்தைப் போட்டிருந்தாள். நான் சிவப்பு மையால் ‘எஸ்’ஸை அடித்து, மேலே எஸ்தாரின் வடிவமான ‘எஸ்தா’வை எழுதினேன்.

வகுப்பு முடிந்ததும் புத்தகத்தைத் திறந்தபடியே வந்து நின்றாள். விரல் அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. “போனவர் திரும்பி வரமாட்டாரே மிஸ், இதைவிட நிரந்தரமா வேற என்ன இருக்கு?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். “அது விதிவிலக்கும்மா” என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் விதியைத் தப்பாகப் பயன்படுத்தவில்லை. நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். தப்பு விதியில் இருந்தது, சிவப்புக் கோடு அவள் அப்பாவைப் பற்றிய வாக்கியத்தில் விழுந்தது. அந்த நோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

அதிலும் இது சின்னப் பிழை இல்லை. அதே செர் வினையை இறந்தகாலத்தில் போட்டு ‘ஃபுவே முவெர்தோ’ என்றால், செய்தித்தாள் நடையில் ‘கொல்லப்பட்டார்’ என்று பொருள். உங்கள் பெட்டியை நம்பிய பெண் இன்னும் ஒரு படி போயிருந்தால் அங்கேதான் போய் நின்றிருப்பாள்.

‘இறந்த நிலை’க்கு எஸ்தார் வருவதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஒருவர் உயிரோடு இருந்தார், ஒன்று நடந்தது, இப்போது இந்த நிலையில் இருக்கிறார். ஒரு மாற்றத்தின் முடிவில் வந்து சேர்ந்த நிலையைச் சொல்வது எஸ்தாரின் வேலை. அந்த நிலை எத்தனை காலம் நீடிக்கும் என்று அந்த வினை கேட்பதே இல்லை. உடைந்த கண்ணாடி என்றைக்கும் ஒட்டாது. ஆனாலும் ‘எஸ்தா ரோதோ’தான். லத்தீனில் ‘நில்’ என்று பொருள்படும் ஸ்தாரே என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. ஒன்று எங்கே நிற்கிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதே இதன் கணக்கு. மத்ரித் நகரம் எழுந்து எங்கேயும் போகப்போவதில்லை, இருந்தும் ‘மத்ரித் எஸ்தா என் எஸ்பான்யா’ என்றுதான் சொல்ல வேண்டும். மறுபக்கம் பாருங்கள். மூன்று மணி என்பது அறுபது நிமிடம்கூட நிற்காது, அதற்கு செர்: ‘சோன் லாஸ் த்ரெஸ்’. இளமை போய்விடும், அதற்கும் செர்: ‘எஸ் ஹோவென்’. அவர் இளையவர் என்று ஒரு வகையில் வைக்கிறோம், அவ்வளவுதான். செர் கேட்பது ‘யார், என்ன, எப்படிப்பட்டது’.

இத்தனையையும் நீங்கள் பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘விதிவிலக்குகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். இடம், மரணம், மணி, வயது. அன்றாடப் பேச்சில் பாதி இதுதானே?

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. இரண்டுக்கும் ஒரே வினை வைத்திருக்கும் ஆங்கிலக்காரர்களுக்காக யாரோ போட்ட குறுக்குவழி. அதை அப்படியே தூக்கி நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் எப்படி? நம் மொழியில் இந்தப் பிரிவு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. ‘அவர் மருத்துவர்’ என்கிறோம், வினையே வேண்டாம், அங்கே செர். ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘சூப் ஆறிப்போய் இருக்கிறது’ என்கிறோம், அங்கே எஸ்தார். ‘நல்லவன்’ வேறு, ‘நன்றாக இருக்கிறான்’ வேறு என்று நாலு வயதுக் குழந்தைக்கே தெரியும். அந்த அறிவைத் தொடாமல் விட்டுவிட்டு, ஆங்கிலம் வழியாகச் சுற்றி அழைத்துப்போகிறோம். எந்த மொழியைக் கற்றுக்கொடுத்தாலும் நம் ஊரில் இதே கதைதான், பிள்ளைக்குத் தாய்மொழி தெரியும் என்பதே பாடநூல் எழுதுகிறவர்களுக்கு நினைவு வருவதில்லை. சரி, அது தனிக் கடிதம்.

எல்லோரும் இடறும் ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். ‘தோந்தே எஸ் எல் எக்ஸாமென்?’ என்றாலும் சரி, ‘தோந்தே எஸ்தா எல் எக்ஸாமென்?’ என்றாலும் சரி. முதலாவது, பரீட்சை எங்கே நடக்கிறது என்ற கேள்வி. இரண்டாவது, பரீட்சைத் தாள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு செர், பொருள் இருக்கும் இடத்துக்கு எஸ்தார். நிரந்தரம், தற்காலிகம் என்று எத்தனை நேரம் யோசித்தாலும் இது பிடிபடாது; இரண்டு மணி நேரப் பரீட்சையில் நிரந்தரம் எங்கே இருக்கிறது? தமிழில் கேட்டுப் பார்த்தால் ‘நடக்குதா, இருக்கா’ என்று ஒரு நொடியில் முடிந்துவிடும்.

தமிழ் வழியும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘பையன் உயரமாக இருக்கிறான்’ என்பதில் ‘இரு’ வந்துவிடுகிறது, ஆனால் ஸ்பானிஷில் ‘எஸ் ஆல்தோ’. இங்கே ‘உயரமானவன்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொருள் கெடாமல் நின்றால் செர். ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்த அத்தை பையனைப் பார்த்து ‘கே ஆல்தோ எஸ்தா!’ என்பாள். ‘அடேயப்பா, என்னமா வளர்ந்துட்டான்!’ என்பது அதன் பொருள். முன்பு பார்த்ததோடு ஒப்பிட்டுச் சொல்வதால் எஸ்தார். பையன் இனிமேல் குட்டையாகப் போவதில்லை என்பதையும் கவனியுங்கள். ‘திருமணமானவர்’ என்பதற்கு இரண்டு வினையும் வரும், எஸ்தார் அதிகம் காதில் விழும். இப்படிச் சில இடங்களில் இரண்டும் சரி என்று நேரே சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொய்யான விதியைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

பெட்டியை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்த இடத்தில் நான்கு வரி போதும்: யார், என்ன, எப்படிப்பட்டது என்றால் செர், எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்றால் எஸ்தார், நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்றால் செர், சில பெயரடைகளுக்கு இரண்டும் வரும், பொருள் மாறும். பக்க அளவு மாறாதபடி அந்தப் பக்கத்தை நானே எழுதி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். என் பெயர் எங்கும் வர வேண்டாம், பணமும் வேண்டாம்.

மறு அச்சு டிசம்பரில் என்று விற்பனையாளர் சொன்னார். அதற்குள் முடியாவிட்டால், பெட்டியை மறைக்கும் அளவுக்கு ஒரு திருத்தச் சீட்டாவது அச்சடித்துக் கொடுங்கள். என் வகுப்பில் இருபத்திரண்டு புத்தகங்கள் இருக்கின்றன, நானே உட்கார்ந்து ஒட்டிக்கொள்கிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

பணிவுடன்,
உங்கள் நூலைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியை