கடைசிப் பக்கம் கிழிந்துபோனதோ

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழமாசி வீதிக் கடையில் மத்தியானம் ஈயாடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தில் நின்று ஒரு கீற்று தர்பூசணி சாப்பிட்டேன். சாப்பிடும்போதே குரோவ் ஞாபகம் வந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யைத் திரும்ப எடுத்தேன். கல்யாணமான குரோவும் இன்னொருவர் மனைவியான அன்னாவும் காதலில் விழும் கதைதான்.

நீங்கள் வகுப்பில் அதைப் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினீர்கள். கடைசித் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நூலகத்தில் வேறு பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் அங்கேதான் நின்றது: கஷ்டமான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டு.

இந்த முறை ஒன்று கண்ணில் பட்டது. அவர்கள் முதலில் சந்தித்த கடற்கரை ஊரான யால்டாவில் அன்னா தலைவிரி கோலமாக உட்கார்ந்து, தப்பு செய்துவிட்டோமே என்று கலங்குகிறாள். குரோவ் தர்பூசணி வெட்டி நிதானமாகச் சாப்பிடுகிறான். அரை மணி நேரம் பேச்சே இல்லை. கடைசிப் பகுதியில், மாஸ்கோ விடுதி அறையில், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுகிறாள். இவன் தேநீர் வரவழைத்துக் குடிக்கிறான். அதே ஆள், அதே வாய் என்றுதான் முதலில் கோபம் வந்தது. ஆனால் இப்போது எழுந்து போய் அவள் தோளைத் தொடுகிறான். கண்ணாடியில் தன் நரைத்த தலை தெரிகிறது. முன்பெல்லாம் வாயில் வந்த சமாதானத்தைச் சொல்லித் தப்பித்தவனுக்கு இன்று அவள்மேல் இரக்கம் வருகிறது.

அப்படியானால் கதை அங்கேயே முடிந்துவிட்டதா ஐயா? ‘இருவரும் சேர்ந்தார்களா’ என்பது நான் கேட்ட கேள்வி. செகாவ் கேட்டது ‘இவன் மாறினானா’ என்பது மட்டும்தானோ? கதை வெளிவந்த 1899-ல் ரஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது, சுலபத்தில் கிடைக்காது. சேர்த்து வைத்திருந்தால் பொய்யாகியிருக்கும், பிரித்திருந்தால் தண்டனை மாதிரி ஆகியிருக்கும். இதுவரை எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் ஒரு உறுத்தல். விடுதிக்குப் போகும் வழியில் அவன் தன் மகளைப் பள்ளியில் விடுகிறான். குளிர்காலத்தில் ஏன் இடி இடிப்பதில்லை என்று கேட்கிறாள், பொறுமையாக விளக்குகிறான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? அவளைக் கூட்டிவந்து காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டாரே. எனக்கும் பெண் பிள்ளை இருப்பதால்தான் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவீர்கள்தானே? அதற்கு முன்னால் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

தங்கள் மாணவன்,
முருகேசன்